உதவி நூலகர் விண்ணப்பம்: மென்பொருள் பகுதியில் என்ன எழுதுவது?

கோண்டாவில் வாசகி | 3 மார்ச், இரவு 9.15

பல்கலைக்கழகம் ஒன்றில் உதவி நூலகர் பதவிக்கு விண்ணப்பம் கோரியிருக்கிறார்கள். முடிவுத் திகதி 24. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். கலைமாணி சிறப்புப் பட்டம், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமா முடித்திருக்கிறேன். நூலகவியல் முதுமாணிக்கு ஆய்வுக் கட்டுரை கொடுத்தாயிற்று, பெறுபேறு இன்னும் வரவில்லை.

விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான் போகும். அதில் கணினி அறிவு என்ற இடத்தில் நான் எழுதியிருப்பதைத் தமிழில் தருகிறேன்:

"மென்பொருள்: கோஹா, டிஸ்பேஸ், வின்ஐசிஸ், கிரீன்ஸ்டோன், மார்க்எடிட். மின்வளங்கள்: ஜேஸ்டோர், எமரால்ட், ஹினாரி, நூலகம்."

இந்த இரண்டு வரி போதுமா? தோழி ஒருத்தி இன்னும் ஐந்தாறு பெயர் சேர்க்கச் சொல்கிறாள்.

நல்லூர் மென்பொருள் | 3 மார்ச், இரவு 10.02

தோழி சொல்வது சரி. அறிவித்தலில் என்ன சொல் இருக்கிறதோ அது விண்ணப்பத்திலும் இருக்க வேண்டும். முதல் வடிகட்டலில் அதைத்தான் தேடுவார்கள். தெரிந்த பெயர் எல்லாவற்றையும் போடுங்கள். கேட்டால் பிறகு யூடியூப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிவாரி 2ஆம் வருடம் | 3 மார்ச், இரவு 11.30

வெளிவாரி மாணவர்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கு விண்ணப்பித்தால் புத்தகம் வீட்டுக்குத் தருவார்களா, அங்கேயே இருந்துதான் படிக்க வேண்டுமா?

ஓய்வுநூலகர் | 4 மார்ச், காலை 6.20

தம்பி, இது வேலைக்கான விண்ணப்பம் பற்றிய கதை. உங்கள் மாணவர் அட்டையோடு நூலகத்தின் சுற்றோட்டப் பகுதிக்கு நேரில் போய்க் கேளுங்கள், அங்கே சரியான பதில் கிடைக்கும்.

வாசகி பிள்ளைக்கு. நான் கார்ட் கேபினட் காலத்தில் வேலைக்கு வந்து கோஹாவில் ஓய்வு பெற்றவன். விண்ணப்பங்களை வடிகட்டும் மேசையில் சில தடவை இருந்திருக்கிறேன். நல்லூர்த் தம்பி சொன்னதில் பாதி சரி. அறிவித்தலில் உள்ள பெயர் விண்ணப்பத்தில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் எல்லாருடைய விண்ணப்பத்திலும் அதே ஐந்து பெயர்கள்தான் இருக்கும். எங்களுக்கு முன்னால் இருபது பேர் "கோஹா" என்று எழுதியிருப்பார்கள். ஒருவர் புத்தகம் இரவல் கொடுத்து வாங்கியவர், ஒருவர் மார்க் பதிவு செய்தவர், ஒருவர் சேவரில் நிறுவிப் பராமரித்தவர். அந்த ஒரு சொல்லில் மூன்று பேரும் ஒன்றாகத்தான் தெரிவார்கள்.

அதனால் உங்களிடம் ஒரு கேள்வி. கோஹாவில் நீங்கள் நேற்றுச் செய்த வேலை என்ன? அதைச் சொல்லுங்கள், எழுதுவது பிறகு.

கோண்டாவில் வாசகி | 4 மார்ச், இரவு 8.40

நேற்று ஐம்பது புத்தகத்துக்குப் பட்டியலாக்கம் செய்தேன், சேர். 245, 260, 650 எல்லாம் நிரப்பி, 952இல் பார்கோட், அழைப்பெண் போட்டேன். இதை எல்லாரும் செய்வார்கள், இதில் எழுத என்ன இருக்கிறது?

வவுனியாவிலிருந்து | 4 மார்ச், இரவு 9.55

என் கதையைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு பதவிக்கு "டிஸ்பேஸ் நிர்வாகம்" என்று எழுதினேன். நான் செய்தது ஆய்வுக் கட்டுரைகளைப் பிடிஎஃப் ஆக்கி ஏற்றியது மட்டும். நேர்முகத்தில் முதல் கேள்வி, "உங்கள் களஞ்சியத்தில் கம்யூனிட்டி எத்தனை, கலெக்‌ஷன் எத்தனை, ஏன் அப்படிப் பிரித்தீர்கள்?" அதைப் பிரித்தது எனக்கு முன் இருந்தவர். நான் இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பீடம், துறை என்ற அடுக்கு கம்யூனிட்டி என்றும், கட்டுரைகள் உட்காரும் பெட்டி கலெக்‌ஷன் என்றும் வீட்டுக்கு வந்துதான் படித்தேன். ஏற்றினேன் என்று எழுதியிருந்தால் ஏற்றுவதைப் பற்றித்தான் கேட்டிருப்பார்கள், அதை நான் நன்றாகச் சொல்லியிருப்பேன்.

ஓய்வுநூலகர் | 5 மார்ச், காலை 6.05

வவுனியாத் தம்பி சொன்னதை நாலு தடவை வாசியுங்கள்.

பிள்ளை, ஐம்பது புத்தகம் பதிந்ததை எழுத வேண்டாம். அந்தக் கோஹாவுக்குள் பழைய பதிவுகள் எப்படி வந்தன? வின்ஐசிஸ் என்றும் மார்க்எடிட் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே ஆளின் கையில் இருந்தால் நடுவில் ஒரு வேலை நடந்திருக்க வேண்டும்.

கோண்டாவில் வாசகி | 5 மார்ச், இரவு 10.10

நடந்தது, சேர். அதை நான் ஒரு தகைமையாக நினைக்கவே இல்லை, அது ஒரு தலையிடி.

எங்கள் நூலகத்தில் வின்ஐசிஸில் 5,180 பதிவுகள் இருந்தன. அதில் 3,940 தமிழ். எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. கணினியில் உண்மையில் இருந்தது ஆங்கில எழுத்து, பாமினி அதைத் தமிழாகக் காட்டியது. யாழ்ப்பாணம் என்று திரையில் தெரிவது உள்ளே `aho;g;ghzk;`. பாமினி இல்லாத கணினியிலோ கோஹாவிலோ திறந்தால் இந்தக் கோலம்தான் வரும். ஐஎஸ்ஓ 2709 கோப்பாக எடுத்து, மார்க்எடிட்டில் `.mrk` ஆக மாற்றி, ஒரு எழுத்துரு மாற்றியில் மொத்தமாகப் போட்டேன். அதோடு தொடங்கியது பிரச்சினை.

நல்லூர் மென்பொருள் | 5 மார்ச், இரவு 10.31

பாமினி யூனிகோட் மாற்றி இணையத்தில் கிடக்கிறதே. ஒட்டினால் ஐந்து நிமிட வேலை. இதை விண்ணப்பத்தில் எழுதினால் என்ன நினைப்பார்கள்?

கோண்டாவில் வாசகி | 6 மார்ச், மாலை 5.50

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், நல்லூர் அண்ணா.

மாற்றிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது, இரண்டும் ஒரே எழுத்துகள். ஆங்கிலப் புத்தகத்தில் `Jaffna` என்று இருந்தது "துயககயெ" என்று வந்தது. அது கூடப் பரவாயில்லை. மார்க் பதிவில் உபபுலக் குறி `$a` என்று இருக்கும். அந்த `$` பாமினிக்கு "கூ", `a` "ய". கோப்பு முழுக்க `கூய` ஆகிவிட்டது. பாமினியில் குற்று போடுவது `;` விசை. "240 ப. ; 21 செ.மீ." என்று பக்கத்துக்கும் அளவுக்கும் நடுவில் நாங்கள் போடும் அதே குறி. அதுவும் போய், நடுவெளியில் ஒரு தனிப் புள்ளி தொங்கியது. திருப்பி மார்க்காக ஆக்கப் போனால் மார்க்எடிட் பதிவுகளை ஏற்கவே இல்லை.

பிறகு பழைய கோப்பிலிருந்து திரும்பத் தொடங்கினேன். மொழிப் புலத்தில் தமிழ் என்று இருந்த பதிவுகளை மட்டும் தனியாக எடுத்தேன். அதிலும் 100, 245, 260, 650, 700 ஆகிய புலங்களில் உபபுலக் குறிக்குப் பிறகு வரும் எழுத்தை மட்டும் மாற்றினேன். 300ஐ மாற்றியில் போடாமல் விட்டு, அதில் வந்த சொற்கள் கொஞ்சம்தான் என்பதால், தேடி மாற்றினேன். `ifyhrgjp> f.` என்பது "கைலாசபதி, க." என்று சரியாக வந்தபோது இரவு பதினொரு மணி. அந்த வரியை அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஓய்வுநூலகர் | 7 மார்ச், காலை 6.15

இதைத்தான் எழுத வேண்டும். இன்னும் இரண்டு கேள்வி இருக்கிறது.

ஒன்று, பதிவின் தலைப்பகுதியில் ஒன்பதாம் இடத்தில் `a` போட்டீர்களா? அது இருந்தால்தான் இந்தப் பதிவு யூனிகோட் என்று கோஹா எடுத்துக்கொள்ளும். வெறுமையாக விட்டால் பழைய குறியீடு என்று நினைத்து, சரியாக மாற்றிய தமிழையும் குழப்பிவிடும்.

மற்றது முக்கியம். சரியாக வந்தது என்று எப்படித் தெரியும்? கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டாம்.

கோண்டாவில் வாசகி | 7 மார்ச், இரவு 9.20

ஒன்பதாம் இடம் போட்டேன், அதை ஒரு தடவை பிழைவிட்டுத்தான் கற்றேன்.

ஆனால் சரிபார்த்தது கண்ணால்தான், சேர். ஒவ்வொரு நூறிலும் பத்தைத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மாணவர் ஒருவர் வந்து "ஆசிரியர்" என்று தேடினால் குறைவாக வருகிறது என்று சொன்னார். ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஓய்வுநூலகர் | 8 மார்ச், காலை 5.50

எனக்குத் தெரியும். நானும் அதில் அகப்பட்டவன்.

பாமினியில் "ர்", "ரி" அடிக்கும்போது ர-வின் அடிச்சாய்வு இடிக்கும் என்று எங்கள் தட்டெழுத்தாளர்கள் ர விசைக்குப் பதில் அரவு விசையை அடிப்பார்கள். ஆசிரியர் என்பது `Mrphpah;` என்று இருக்கும். கடதாசியில் அச்சடித்தால் அழகாக இருக்கும், எவருக்கும் வித்தியாசம் தெரியாது. மாற்றி அதை எழுத்துக்கு எழுத்து மாற்றும். அப்போது "ர்" வர வேண்டிய இடத்தில் அரவும் புள்ளியும் வரும், "ரி" வர வேண்டிய இடத்தில் அரவும் விசிறியும் வரும். திரையில் "ஆசிாியா்". கண்ணுக்கு ஆசிரியர், கணினிக்கு வேறு சொல். தேடினால் எப்படி அகப்படும்?

தமிழில் ஓர் உயிர்க்குறிக்குப் பின்னால் உடனே இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வரவே வராது. அதனால் பிழையைத் தேடுவது சுலபம். கோஹாவின் அறிக்கைப் பகுதியில் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
SELECT biblionumber, title, author
FROM biblio
WHERE title  LIKE BINARY '%ா்%'
   OR title  LIKE BINARY '%ாி%'
   OR title  LIKE BINARY '%ாீ%'
   OR author LIKE BINARY '%ா்%'
   OR author LIKE BINARY '%ாி%'
   OR author LIKE BINARY '%ாீ%';
```

அந்தச் சோடிகளைக் கையால் தட்டச்சு செய்யச் சில விசைப்பலகைகள் விடாது. இங்கிருந்தே வெட்டி ஒட்டுங்கள்.

கோண்டாவில் வாசகி | 8 மார்ச், மதியம் 1.05

612.

கதிரையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாலு வருடமாக இந்த 612 புத்தகங்களையும் தலைப்பாலோ ஆசிரியர் பெயராலோ தேடியவர்களுக்கு "இல்லை" என்று சொல்லியிருக்கிறோம்.

நல்லூர் மென்பொருள் | 8 மார்ச், மதியம் 1.40

நான் சொன்ன ஐந்து நிமிடத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இனித் திருத்துவது சுலபம். `biblio` அட்டவணையில் ஒரு `UPDATE`, `REPLACE` போட்டால் ஒரு வரியில் முடியும்.

ஓய்வுநூலகர் | 8 மார்ச், மாலை 4.30

அதைச் செய்யாதீர்கள், பிள்ளை!

`biblio` அட்டவணையில் இருக்கும் தலைப்பு ஒரு பிரதி மட்டும். முழு மார்க் பதிவு `biblio_metadata` அட்டவணையில் இருக்கிறது. பிரதியைத் திருத்தினால் அறிக்கையில் எல்லாம் சரியாகிவிட்டதாகத் தெரியும், தேடல் பழையபடிதான் இருக்கும். அடுத்த முறை யாராவது அந்தப் பதிவைத் திறந்து சேமித்தால் பழைய பிழை திரும்பி வந்து பிரதியிலும் உட்காரும். மார்க் திருத்த வார்ப்புரு ஒன்று செய்து, 612 பதிவெண்ணையும் கொடுத்துத் தொகுதியாகத் திருத்துங்கள். முதலில் ஐந்து பதிவில் மட்டும். அப்புறமும் தேடலில் வராவிட்டால் சுட்டியை மறுபடி கட்ட வேண்டும், அதற்குச் சேவர் பார்ப்பவரின் உதவி வேண்டிவரும்.

ஓய்வுநூலகர் | 9 மார்ச், காலை 6.40

நேற்று மென்பொருளில் மூழ்கி, மற்ற இரண்டையும் விட்டுவிட்டேன்.

தகைமை. பட்டத்தின் பெயர், வகுப்பு, பட்டம் செல்லுபடியாகும் திகதி மூன்றையும் சான்றிதழில் உள்ளபடி எழுதுங்கள். பட்டமளிப்பு விழாத் திகதியைப் போட வேண்டாம், இரண்டுக்கும் இடையில் மாதக்கணக்கு இருக்கும். முதுமாணியை "படித்தது" என்ற பட்டியலில் சேர்க்காமல் தனி வரியில், ஆய்வுக் கட்டுரை கொடுத்த திகதியோடு, பெறுபேறு வரவில்லை என்று எழுதுங்கள். நான் இருந்த குழுக்களில் முடிவுத் திகதியில் கையில் இருந்ததை மட்டும்தான் தகைமையாகக் கணக்கிட்டோம். ஆனால் எங்கள் பல்கலைக்கழகங்களில் உதவி நூலகர் கல்விசார் ஆளணியில் வருபவர். ஆய்வு ஒன்றை முடிக்கும் ஆள் என்று தெரிவது நேர்முகத்தில் உதவும்.

மின்வளங்கள். நாலு பெயர் எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றிலும் நீங்கள் என்ன செய்தீர்கள்?

கோண்டாவில் வாசகி | 9 மார்ச், இரவு 8.15

உண்மையைச் சொல்கிறேன். ஜேஸ்டோர் என் சொந்தக் கணக்கில் இலவசமாக வாசித்தது. எமரால்ட் முதுமாணிக்குப் பதிந்த பல்கலைக்கழகத்தின் வழியாக. ஹினாரியில் மருத்துவபீடத்தில் படிக்கும் மச்சாள் எனக்கு இரண்டு கட்டுரை எடுத்துத் தந்தாள், அவ்வளவுதான். நூலகம் தளத்துக்கு எங்கள் கல்லூரி மலர்கள் 46ஐ ஸ்கேன் செய்து கொடுத்தேன். அதிபரிடம் அனுமதிக் கடிதம் வாங்கி, 300 டிபிஐயில், ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து.

ஓய்வுநூலகர் | 10 மார்ச், காலை 6.00

ஹினாரியை எடுத்துவிடுங்கள். அது உலக சுகாதார நிறுவனம் 2002இல் தொடங்கியது, நிறுவனம் பதிந்து பெறும் வசதி. அதைக் கையாண்டேன் என்றால் பதிவு, கடவுச்சொல் யாருக்குக் கொடுப்பது, எங்கே எழுதி ஒட்டக்கூடாது எல்லாம் கேட்பார்கள். ஜேஸ்டோரும் எமரால்டும் "ஆய்வுக்குப் பயன்படுத்தியவை" என்று அரை வரி.

நூலகம் முதலாவதாக வர வேண்டும். நாலாவது பெயராகக் கிடந்ததுதான் நீங்கள் உருவாக்கிய ஒரே மின்வளம். 1981இல் எங்கள் பொதுநூலகம் 97,000 நூல்களோடு எரிந்த ஊரில், ஒரு கல்லூரியின் மலர்களை யார் எடுத்து வைத்தார்கள் என்பது ஒரு நூலகரைப் பற்றி நிறையச் சொல்லும். அந்த 46இல் எத்தனைக்கு வேறெங்கும் பிரதி இல்லை என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

வவுனியாவிலிருந்து | 10 மார்ச், இரவு 7.30

சேர், ஒரு சந்தேகம். இவ்வளவு விவரமாக எழுதினால் நீளம் கூடி எரிச்சல் வராதா? படிவத்தில் அதற்கு இரண்டு அங்குல இடம்தான் இருக்கும்.

ஓய்வுநூலகர் | 10 மார்ச், இரவு 9.10

வரும். நான் காலையில் யோசிக்காத விசயம் இது. படிவத்தில் பெயர்கள் மட்டும் சுருக்கமாக, அறிவித்தலில் உள்ள சொற்களோடு. நல்லூர்த் தம்பி முதலில் சொன்னது அங்கே சரி. விவரம் இணைக்கும் தன்விவரக் கோவையில் ஒரு பந்தி. படிவத்தில் "இணைப்பு 3 பார்க்க" என்று குறித்தால் போதும்.

கோண்டாவில் வாசகி | 16 மார்ச், இரவு 11.00

ஒரு கிழமை எடுத்தது. 612இல் 575 திருத்தியாயிற்று. மூன்று இரவு, ஐந்து, ஐம்பது, பிறகு மிச்சம் என்று. சுட்டி மறுபடி கட்டிய பிறகு "ஆசிரியர்" தேடினேன், மாணவர் சொன்ன புத்தகம் வந்தது. இணைப்பு 3இன் பந்தி இது:

"கல்லூரி நூலகத்தின் 5,180 வின்ஐசிஸ் பதிவுகளைக் கோஹாவுக்கு மாற்றினேன். 3,940 தமிழ்ப் பதிவுகளைப் பாமினியிலிருந்து யூனிகோடுக்குப் புலவாரியாக மார்க்எடிட்டில் மாற்றினேன். ரகர வரிசையில் எழுந்த குறியீட்டுப் பிழை 612 பதிவுகளில் இருந்ததை அறிக்கை மூலம் கண்டறிந்து, 575ஐத் தொகுதித் திருத்தம் மூலம் சரிசெய்தேன். 37 மீதம். சேவர் நிறுவலும் சுட்டி மீள்கட்டமைப்பும் என் பொறுப்பில் இல்லை."

கடைசி இரண்டு வசனத்தையும் எடுத்துவிடு என்று தோழி சண்டை பிடிக்கிறாள்.

நல்லூர் மென்பொருள் | 16 மார்ச், இரவு 11.25

நானும் அவள் பக்கம். குறையை நாமே ஏன் சொல்ல வேண்டும்?

வவுனியாவிலிருந்து | 17 மார்ச், காலை 7.10

நான் எடுக்க விடமாட்டேன். அந்த ஒரு வசனம் இல்லாமல்தான் நான் தோற்றேன்.

ஓய்வுநூலகர் | 17 மார்ச், காலை 7.45

சேவர் வசனம் இருக்கட்டும். 37 பற்றி எனக்கே இரண்டு மனம். வாசிப்பவர் நூலகராக இருந்தால் அந்த எண்ணைப் பார்த்து நம்புவார். நிர்வாகத்திலிருந்து வந்தவராக இருந்தால் முடிக்காத வேலை என்று நினைப்பார். குழுவில் இரண்டு வகையும் இருக்கும்.

அது சரி, ஏன் 37 மீதம்?

கோண்டாவில் வாசகி | 17 மார்ச், இரவு 9.30

அந்த 37ம் ஆசிரியர் பெயர்கள், சேர். அரவைத் திருத்தினால் முன்பு வேறு வேறாக இருந்த இரண்டு பெயர் ஒன்றாகிவிடுகிறது. ஒரே பெயர், ஒரே முதலெழுத்து. ஒருவர் சோதிடம் எழுதியிருக்கிறார், ஒருவர் கணித நூல். ஒரே ஆளா, இரண்டு ஆளா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் ஒன்றாக்கினால் பிறகு பிரிக்க முடியாது.

ஓய்வுநூலகர் | 18 மார்ச், காலை 5.55

ஒன்றாக்காதீர்கள். பழைய கார்ட் கேபினட்டை எறிந்துவிட்டீர்களா? எங்கள் காலத்தில் ஒரே பெயர் வந்தால் கார்டின் மூலையில் பென்சிலால் ஊரையோ பிறந்த வருடத்தையோ குறித்து வைப்போம். 37ஐயும் பந்தியில் இருக்க விடுங்கள், ஏன் மீதம் என்பதையும் அரை வசனத்தில் சேருங்கள்.

கோண்டாவில் வாசகி | 20 மார்ச், மாலை 6.20

கேபினட் களஞ்சிய அறையில் இருக்கிறது, மேலே பழைய வினாத்தாள் கட்டுகள். இன்று இரண்டு இழுப்பறை திறந்தேன். சோதிட ஆசிரியரின் கார்டில் பென்சிலால் "அளவெட்டி" என்று இருக்கிறது. கணித ஆசிரியரின் கார்டில் "கரவெட்டி". இரண்டு ஆள்.

விண்ணப்பம் காலையில் பதிவுத்தபாலில் போய்விட்டது. உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரும் எழுதியாயிற்று. பந்தியில் "35 மீதம்" என்று திருத்த நேரம் இருக்கவில்லை, 37 என்றுதான் போயிருக்கிறது.

ஓய்வுநூலகர் | 20 மார்ச், இரவு 8.00

நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் அந்த இரண்டு கார்டையும் கையில் கொண்டு போங்கள். மற்ற இழுப்பறைகளைத் திறக்கும்போது முகக்கவசம் போடுங்கள், பிள்ளை, அந்தத் தூசு பொல்லாதது.